மூன்று கல்வியாண்டு, ஒரே வீடு

கொடைக்கானலில் வாடகைக்குக் குடியிருப்பவர் இரண்டு காலண்டர்களைப் பார்த்து வாழ வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடக் காலண்டர் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. சீசன் காலண்டர் ஏப்ரலில்தான் சூடுபிடிக்கிறது. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் வெயில் ஏற ஏற, வத்தலக்குண்டு வழியாக மேலே ஏறும் வண்டிகள் பெருகும். மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் ஏரியைச் சுற்றி நகர இடமிருக்காது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் மெத்தை போட்டுக் கொடுக்கத்தக்க எந்த அறைக்கும் ஒரு விலை கிடைத்துவிடும். நாயுடுபுரத்திலோ ஆனந்தகிரியிலோ வீட்டை மாத வாடகைக்கு விட்டிருப்பவருக்கு பிப்ரவரி வாக்கில் மனக்கணக்கு ஓடத் தொடங்குவது இயல்புதான். அதே பிப்ரவரியில் அந்த வீட்டுக்குள் ஒரு பிள்ளை பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்.

இந்த மோதலைப் பதினோரு மாத ஒப்பந்தம் இன்னும் மோசமாக்குகிறது. அதை யாரும் காகிதத்தில் எழுதிப் பார்ப்பதில்லை. 2026 ஜூன் 1-ல் குடிபோனால் முதல் ஒப்பந்தம் 2027 ஏப்ரல் 30-ல் முடியும். புதுப்பித்தால் அடுத்தது 2028 மார்ச் 31-ல் முடியும். இன்னொரு முறை புதுப்பித்தால் 2029 பிப்ரவரி 28. ஒவ்வொரு முறையும் முடிவு தேதி ஒரு மாதம் முன்னால் வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் இந்த வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு, மூன்றாவது ஒப்பந்தம் பிளஸ் டூ பொதுத்தேர்வின் வாசலில் காலாவதியாகும். ‘இந்தத் தடவை ரெண்டாயிரம் சேத்துக் கொடுங்க, இல்லாட்டி காலி பண்ணுங்க’ என்று வீட்டுக்காரர் சொன்னால் குடியிருப்பவரால் மறுக்க முடியாத நாள் ஒன்று ஆண்டில் உண்டென்றால், அது அந்த நாள்தான்.

அப்படியானால் பதினோரு மாதம் எங்கிருந்து வந்தது? 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவிலிருந்து. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்த பத்திரத்தால் மட்டுமே ஏற்படுத்த முடியும் என்கிறது அந்தப் பிரிவு. 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டமும் அதையே வலியுறுத்துகிறது. பதிவென்றால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், அலைச்சல். அதைத் தவிர்க்க ஓர் ஆண்டுக்குள் அடங்கும்படி ஒரு மாதம் குறைத்து எழுதினார்கள். அதுவே ஊர் வழக்கமாகிவிட்டது.

இந்த வரலாறு தெரியாமல் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுபவர்களும் இருக்கிறார்கள். நூறு ரூபாய் முத்திரைத் தாளில் டைப் அடித்து, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரையும் குத்தி, பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்கள். நோட்டரி முத்திரை பதிவாகாது. 2000-ஆம் ஆண்டில் ஆண்டனி எதிர் கே.சி. இட்டூப் அண்ட் சன்ஸ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது இப்படியொரு தாள்தான்: ஐந்து ஆண்டுக்கு எழுதிய, பதிவாகாத குத்தகைப் பத்திரம். அந்தப் பத்திரம் ஐந்தாண்டுக் குத்தகையை உண்டாக்காது என்றது நீதிமன்றம். வாடகை கொடுத்துக் குடியிருந்ததால் மாதாமாதம் தொடரும் வாடகை உறவு மட்டும் உண்டு என்றும் சொன்னது. பதிவு செய்யாத மூன்றாண்டு ஒப்பந்தம், பள்ளிக் கணக்குப்படி ஒரு மாத ஒப்பந்தத்தைவிடப் பெரிதல்ல.

ஆகவே பதிவு செய்த மூன்றாண்டு ஒப்பந்தம்தான் வழி. அதைப் பற்றி வீட்டுக்காரரிடம் பேச்சைத் தொடங்குமுன் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ‘லீஸுக்கு வீடு’ என்றால் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது என்றே அர்த்தம். மதுரை, திண்டுக்கல் பக்கம் ஒத்தி என்பார்கள், சென்னையில் போக்கியம். குடியிருப்பவர் ‘மூணு வருஷ லீஸ்’ என்று ஆரம்பித்தால் வீட்டுக்காரர் எத்தனை லட்சம் கைக்கு வரும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். பிறகு மாத வாடகை என்று தெரிந்ததும் ஏமாந்தவர்போல் முகம் சுருங்கும். எனவே ‘மூணு வருஷ வாடகை அக்ரிமெண்ட், ரிஜிஸ்டர் பண்ணி’ என்றே முதலிலிருந்து சொல்வது நல்லது.

இந்த அத்தியாயத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அம்மா கொடைக்கானலில் பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு மூஞ்சிக்கல்லில் கடை. மூத்த மகள் 2026 ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், மகன் ஆறாம் வகுப்புக்கு. நாயுடுபுரத்தில் 14,000 ரூபாய் வாடகையில் இரண்டு படுக்கையறை வீடு, அட்வான்ஸ் 42,000. நடப்பு ஒப்பந்தம் 2025 ஜூலையில் தொடங்கியதால் மே 31-ல் முடிகிறது. பிள்ளைகள் இருவரும் நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள்.

மலையில் அந்தக் கடைசி வாக்கியத்துக்குத் தனி மதிப்பு உண்டு. இந்த வீடு போய் அடுத்த வீடு பெருமாள்மலையில் கிடைத்தால் தூரம் சுமார் பத்துக் கிலோமீட்டர்தான். ஆனால் அது மூடுபனியில் பேருந்துக்கு நிற்கும் பத்துக் கிலோமீட்டர். ஐப்பசி மழையில் மரம் விழுந்தால் பாதை அடைபடும். சீசன் சனிக்கிழமையில் வண்டி நெரிசலில் அரை நாள் போகும். சமவெளியில் வீடு மாறினால் தெரு மாறும், மலையில் வீடு மாறினால் சில சமயம் பள்ளியே மாற வேண்டிவரும்.

எப்போது பேசுவது? ஜனவரி. பொங்கல் கூட்டம் இறங்கியபின், சீசன் முன்பதிவு சூடுபிடிக்குமுன் உள்ள சில வாரங்கள் மிகப் பொருத்தமானவை. மார்ச்சில் பேசினால் வீட்டுக்காரர் மனத்தில் ஏற்கெனவே மே மாதம் குடிபுகுந்திருக்கும். வாடகை கொடுக்கும் நாளன்று, அந்த மாத வாடகையைக் கொடுத்த கையோடு பேசுவது இன்னும் சரி. கையில் ஒரே ஒரு தாள் போதும்; அதில் மூன்று ஆண்டுகளின் வாடகையும் தேதிகளும் இருக்க வேண்டும்.

“ஐயா, பாப்பா அடுத்த வருஷம் டென்த். பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் இந்த வீட்டிலேயே இருக்கணும்னு நெனைக்கிறோம். வருஷா வருஷம் வாடகை எவ்வளவு கூடும்னு இப்பவே எழுதிக்கலாம். பதிவுச் செலவு எங்களோடது.”

“மூணு வருஷமா? நாளைக்கு எம் பொண்ணு பெங்களூர்ல இருந்து திரும்பி வந்துட்டா நான் எங்க போவேன், டீச்சர்? சீசன்ல பக்கத்து வீட்டுக்காரன் அள்ளுறான், நான் வேடிக்கை பாக்கிறேன்.”

இந்தப் பதிலில் இரண்டு பயங்கள் இருக்கின்றன. சொல்லாத மூன்றாவது பயம், மூன்று வருஷம் கழித்து இவர்கள் காலி செய்வார்களா என்பது. மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வைத்திருக்காத குடும்பம் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்ற பதிலோடுதான் திரும்பும்.

சீசன் பயம் வலுவானது, ஆனால் அதில் கொஞ்சம் பக்கத்து வீட்டுப் புகையும் கலந்திருக்கும். மே மாதத்து ஒரு சனிக்கிழமை இரவின் வாடகையை முப்பதால் பெருக்கிப் பார்ப்பது மனித இயல்பு. ஜூலைக் காற்றிலும் நவம்பர் மழையிலும் அந்தப் பெருக்கல் நிற்காது. மெட்ராஸ் உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. தங்கும் விடுதியாக விட வேண்டுமென்றால் பதிவும் அனுமதியும் வேண்டும்; படுக்கை விரிப்பு துவைக்க, சாவி கொடுக்க, நள்ளிரவில் கீசர் வேலை செய்யவில்லை என்று வரும் போனை எடுக்க ஆள் வேண்டும். அதோடு, மலை வீட்டைப் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பது எந்த வீட்டுக்காரருக்கும் தெரியும். இரண்டு மாதம் அடுப்பு எரியாத வீட்டில் வடக்குச் சுவர் பச்சை பூத்து, அலமாரித் துணிகளில் பூஞ்சை வாசம் ஏறிவிடும். குடும்பம் இருக்கும் வீடு காய்ந்திருக்கும். இதை வாதமாக வைக்காமல், தாளில் மூன்று வருஷ மொத்த வாடகையை எழுதிக் காட்டினால் போதும். ஐந்து லட்சத்துக்கு மேலான ஒரு தொகையை, ஒரு மாதம்கூடக் காலியாக இருக்காத கணக்காகப் பார்க்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் மே மாதம் சற்றுச் சிறிதாகத் தெரியும்.

இனி உயர்வு. ஆசிரியை ஐந்து சதவீதம் என்று நினைத்துவந்தார்: 14,000, 14,700, 15,400. வீட்டுக்காரர் பத்துச் சதவீதம் கேட்டார். அவர் கேட்டபடி ஒவ்வொரு ஆண்டும் முந்தைய ஆண்டின் வாடகைமேல் பத்துச் சதவீதம் ஏற்றினால் 14,000, 15,400, 16,940. முதல் ஆண்டு வாடகைமேலேயே பத்துச் சதவீதம் என்றால் மூன்றாம் ஆண்டு 16,800. ‘வருடத்துக்குப் பத்துச் சதவீதம்’ என்ற ஒரே சொற்றொடர் இரண்டு விடை தருகிறது. மாதம் 140 ரூபாய் வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் மூன்றாம் ஆண்டு ஜூன் மாதம், எது சரி என்று வாசலில் நின்று பேசும் பேச்சில் அந்த 140 ரூபாய் பெரிதாகிவிடும்.

ஜெர்மனியில் இந்தச் சிக்கலை யோசித்துச் சட்டத்திலேயே முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். படிப்படியாக ஏறும் வாடகைக்கு அங்கே சிவில் சட்டத் தொகுப்பில் 557அ என்று தனிப் பிரிவு உண்டு. ஒவ்வொரு காலத்துக்கும் உரிய வாடகையையோ உயர்வையோ பணத்தொகையாகவே எழுத வேண்டும், சதவீதம் மட்டும் போதாது. ஒரு படியில் வாடகை குறைந்தது ஓர் ஆண்டாவது மாறாமல் நிற்க வேண்டும். நம் ஊரில் அப்படிச் சட்டக் கட்டாயம் இல்லாவிட்டாலும், அந்த வழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளத் தடையில்லை.

பேச்சு ஆயிரம் ரூபாயில் நின்றது. 14,000, 15,000, 16,000. மூன்று ஆண்டு மொத்தம் 5,40,000. ஆசிரியை நினைத்துவந்த கணக்கைவிட 10,800 ரூபாய் அதிகம். வீட்டுக்காரர் கேட்டதைவிட 16,080 குறைவு. ஒருமுறை வீடு மாறினால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்ற வண்டி, பழைய அட்வான்ஸில் பெயிண்டுக்குப் பிடிப்பது என்று போவதோடு ஒப்பிட்டால் அந்த 10,800 ரூபாய்க்கு ஆசிரியை அதிகம் தயங்கத் தேவையில்லை. பத்திரத்தில் வாடகைப் பத்தி இப்படி வர வேண்டும்:

‘மாத வாடகை 1.6.2026 முதல் 31.5.2027 வரை ரூ. 14,000, 1.6.2027 முதல் 31.5.2028 வரை ரூ. 15,000, 1.6.2028 முதல் 31.5.2029 வரை ரூ. 16,000. இக்காலத்தில் வேறெந்தக் காரணத்துக்காகவும் வாடகை உயர்த்தப்படாது.’

கடைசி வாக்கியத்தைச் சும்மா எழுதவில்லை. சில மாதிரிப் பத்திரங்களில் ‘அல்லது அப்போதைய சந்தை வாடகை, எது அதிகமோ அது’ என்று ஒரு வால் இருக்கும். அந்த வால் இருந்தால் மேலே எழுதிய மூன்று தொகைகளும் அலங்காரம்தான். இன்னொரு பின்வாசல் தண்ணீர். கோடையில் நகராட்சித் தண்ணீர் வரும் இடைவெளி நீளும். லாரித் தண்ணீர் இறக்க வேண்டிவரும். அந்தச் செலவு யாருடையது என்று எழுதாமல் விட்டால், நிர்ணயித்த வாடகைக்கு வெளியே ஒரு தொகை ஏறிக்கொண்டே போகும். லாரித் தண்ணீர், செப்டிக் டேங்க், ஓட்டிலும் தகரக் கூரையிலும் வரும் ஒழுகல் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லி எழுதுவது மலையில் அவசியம். சீசனுக்காக ‘ஏப்ரல், மே மாதங்களில் மேல் அறையை உரிமையாளர் பயன்படுத்தலாம்’ என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

மகள் பெங்களூரிலிருந்து திரும்பிவந்தால்? இது நியாயமான கேள்வி. ‘அதெல்லாம் வரமாட்டாங்க ஐயா’ என்று சிரித்து மழுப்புவது நியாயமான பதில் அல்ல. கல்வியாண்டைத் தொடாத ஒரு வழியைப் பத்திரத்திலேயே வைத்துவிடலாம்: ‘உரிமையாளருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ குடியிருக்க வீடு தேவைப்பட்டால் ஆறு மாத எழுத்து அறிவிப்புத் தர வேண்டும். அறிவிப்பு எந்த நாளில் தரப்பட்டாலும், அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு வரும் முதல் மே 31 அன்றே வீட்டை ஒப்படைக்க வேண்டும்.’ நவம்பர் கடைசிக்குள் அறிவிப்புக் கொடுத்தால் வரும் மே. டிசம்பரில் கொடுத்தால் அதற்கடுத்த மே. வீட்டுக்காரருக்கு வழி இருக்கிறது, பிள்ளைக்கு ஆண்டு முழுசாக இருக்கிறது. ஆனால் இந்த வரி இருந்தால், மூன்று ஆண்டு என்பது உறுதியான மூன்று ஆண்டு அல்ல. பிளஸ் டூ ஆண்டு மட்டுமாவது உடையக்கூடாது என்று நினைக்கும் குடும்பம், 2028 மே 31-ல் வீட்டைத் திரும்பக் கேட்க இந்த உரிமை செல்லாது என்று ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம்.

குடியிருப்பவர் பக்கமும் ஒரு வாசல் வேண்டும். கணவருக்கோ மனைவிக்கோ வேறு ஊருக்கு மாறுதல் வந்தால் மிச்சமிருக்கும் இருபது மாத வாடகையைக் கட்ட முடியாது. முதல் பன்னிரண்டு மாதம் கட்டாயம், அதன்பின் இரண்டு மாத அறிவிப்பில் விலகலாம் என்பது இருவரும் ஏற்கக்கூடிய அளவு. வாடகை பாக்கி வைத்தாலோ, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டாலோ, வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினாலோ வெளியேற்றக் கோரும் உரிமை வீட்டுக்காரருக்கு எப்போதும் உண்டு. மூன்றாண்டுப் பத்திரம் அதைத் தடுக்காது, தடுக்கவும் கூடாது.

சொல்லாத மூன்றாவது பயத்துக்கு வருவோம். பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில் வீட்டைக் காலி செய்ய வைக்கப் பத்துப் பதினைந்து வருஷம் நீதிமன்றம் ஏறி இறங்கியவர்களின் கதை, வீட்டுக்காரர்கள் நடுவில் இன்னும் உலவுகிறது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-ல் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் தொண்ணூறு நாளுக்குள் பதிந்து ஒரு பதிவு எண் வாங்க வேண்டும் என்கிறது அது. வாடகை, காலம் இரண்டுக்கும் ஒப்பந்தமே அடிப்படை. வேறாக ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. காலம் முடிந்தபின் புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், மாதாமாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதம் தொடர்ந்ததாகக் கொள்ளப்படும். பத்துப் பதினைந்து வருஷக் கதைக்கு இது வீட்டுக்காரருக்கான பதில். குடியிருப்பவருக்கு இதே வரி ஓர் எச்சரிக்கை: ஜூனிலிருந்து ஆறு மாதம் என்றால் நவம்பர். மகன் 2029 ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் இருப்பான். அவனுக்கு நவம்பரில் வீடு தேடும்படி ஆகக்கூடாது.

இந்தச் சட்டம் நகர்ப்பகுதிகளுக்கானது. கொடைக்கானல் நகராட்சி அதில் வரும். பண்ணைக்காடு பேரூராட்சியும் வரும். ஊராட்சிக்குட்பட்ட மலைக் கிராமங்களில் வீடு எடுத்தவர்களுக்கு வாடகை அதிகாரி இல்லை. அங்கே சொத்து மாற்றுச் சட்டமும் பதிவு செய்த பத்திரமும்தான் துணை. நகராட்சி எல்லைக்குள் இருப்பவர் இரண்டு பதிவையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவதால்தான் மூன்றாண்டுக் குத்தகை பிறக்கிறது. வாடகை அதிகாரியிடம் வாங்கும் எண் அதற்குப் பதிலாகாது, அது தனி.

கையெழுத்துக்குமுன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் உண்டு. பதிவுக்கு எப்படியும் சொத்து விவரம் வேண்டும் என்று சொல்லி எடுத்துவிடலாம். அதில் பார்க்க வேண்டியது அடமானம். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தால்தான் மூன்று என்ற எண்ணின் அருமை புரியும். அடமானம் வைத்தவர் தன் அனுபோகத்தில் உள்ள கட்டடத்தை, அடமானம் வாங்கியவரையும் கட்டுப்படுத்தும் விதத்தில், அதிகபட்சம் மூன்று ஆண்டு குத்தகைக்கு விடலாம் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 65அ பிரிவு. நாலாவது வருஷம் எழுதினால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். புதுப்பிக்கும் உரிமையையும் பத்திரத்தில் எழுதக்கூடாது, வாடகையை முன்கூட்டி மொத்தமாகக் கொடுப்பதாகவும் எழுதக்கூடாது. இவையெல்லாம் அடமானப் பத்திரம் வேறு மாதிரி சொல்லாதபோது மட்டுமே பொருந்தும். வங்கிகள் பெரும்பாலும் தங்கள் முன் அனுமதி வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும். ஆகவே அடமானம் தெரிந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதத்தை வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

கொடைக்கானலுக்கே உரிய இன்னொரு சோதனை கட்டட அனுமதி. மதுரைக் கிளை உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2019-ல் விதிமீறிய கட்டடங்களுக்கு நகராட்சி சீல் வைத்ததை ஊரில் யாரும் மறக்கவில்லை. வாடகைக்காரர் கையில் எவ்வளவு நல்ல பத்திரம் இருந்தாலும் சீல் வைத்த கதவை அது திறக்காது. வரைபட அனுமதியும் சொத்துவரி ரசீதும் கேட்டுப் பார்ப்பது, பத்திர எழுத்தருக்குக் கொடுக்கும் கூலியைவிடப் பயனுள்ளது. பட்டாவும் வரி ரசீதும் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருந்தால், வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். அல்லது ஒருவருக்குப் பதிவு செய்த பவர் இருக்க வேண்டும். அண்ணன் மட்டும் கையெழுத்திட்டு, தம்பி அடுத்த ஏப்ரலில் சாவி கேட்டு வந்த கதைகளுக்கு மலையில் பஞ்சமில்லை.

செலவு பயமுறுத்தும் அளவில் இல்லை. தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் ஒரு சதவீதம், பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம். கட்டணத்துக்கு உச்ச வரம்பு 20,000. 5,40,000-க்கு 5,400-ம் 5,400-ம், ஆக 10,800. முப்பத்தாறு மாதத்தில் பிரித்தால் மாதம் 300 ரூபாய். அட்வான்ஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் இன்னும் 840 ரூபாய். விகிதங்கள் அரசாணையில் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டுமுன் tnreginet.gov.in தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பத்திர எழுத்தரின் கூலி தனி. அதைத் தாள் எழுதுமுன்பே பேசிவிட வேண்டும்.

கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் அவகாசம் தருகிறது. ஆனால் ஏப்ரல் பிறந்தபின் வீட்டுக்காரரை ஒரு பகல் முழுக்க அலுவலகத்தில் உட்கார வைப்பது கடினம். மார்ச்சிலேயே டோக்கன் போட்டு, ஆதாருடன் இருவரும், அடையாள அட்டையுடன் இரண்டு சாட்சிகளும் போய் வந்துவிடுவது மேல். ஒப்பந்தம் தொடங்கும் நாள் ஜூன் 1 என்று பத்திரத்துக்குள் தெளிவாக இருந்தால் மார்ச்சில் பதிவதில் தவறில்லை. பதிவு எண் கிடைத்தபின் அந்தக் குத்தகை வில்லங்கச் சான்றில் வந்துவிடும். நடுவில் யாராவது வீட்டை வாங்கினால், குடியிருப்பவர் இருக்கிறார் என்று தெரிந்தே வாங்குவார், ஒப்பந்தமும் அவரோடு தொடரும்.

நம் ஆசிரியைக் குடும்பம் பதிவுக்குப் போன அன்று ஒரு தடங்கல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் வருவது இதுதான். வரி ரசீதில் கதவு எண் பழையது, மின் இணைப்பில் புதியது. இரண்டும் ஒரே வீடுதான் என்று பத்திரத்தின் சொத்து விவரத்தில் இரண்டு எண்களையும் எழுதிவிட்டால் முடிந்தது. எழுதாமல் போனால் இன்னொரு நாள், இன்னொரு டோக்கன். அசல் பத்திரம் ஆசிரியையிடம், நகல் வீட்டுக்காரரிடம்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவர் வங்கி ஆப்பைத் திறந்து, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி 14,000 போகும்படி உத்தரவு போட்டார். 2027 ஜூன் முதல் 15,000, 2028 ஜூன் முதல் 16,000 என்று அடுத்த இரண்டையும் அப்போதே போட்டுவைத்தார். காலண்டரில் 2028 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு வரி: ‘ஐயாவிடம் அடுத்த மூணு வருஷம் பற்றிப் பேசணும், தம்பிக்கு ஒன்பது, பத்து, பிளஸ் ஒன்.’